ரஷ்யர்கள் சிறிதாக்குவார்கள், நாம் பெரிதாக்குவோம்: செக்கவின் ‘துஷெச்கா’வும் எங்கள் ஊர் ‘எய்யா’வும்

ரஷ்யக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழைய குழப்பம் இருக்கும். முதல் பக்கத்தில் இவான் என்று வந்தவன் மூணாம் பக்கத்தில் வான்யா ஆவான், பத்தாம் பக்கத்தில் வானெச்கா ஆவான், நடுவில் யாரோ அவனை வான்கா என்று அதட்டுவார்கள். நாலு பேர் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போவோம், கடைசியில் பார்த்தால் ஒரே ஆள். ‘ரஷ்யக்காரனுக்கு ஆளுக்கு நாலு பெயர்’ என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவோம்.

அது நாலு பெயர் இல்லை. ஒரே பெயர்தான், நாலு உறவுகள். பெயரின் வாலில் ஒட்டும் சின்ன விகுதி, கூப்பிடுகிறவருக்கும் கூப்பிடப்படுகிறவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. அந்த விகுதிதான் ஆங்கிலத்துக்குப் போகும்போது முதலில் உதிர்கிறது. இந்தப் பதிவில் அந்த விகுதி எப்படி வேலை செய்கிறது, ஆங்கிலத்தில் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது, நம்ம தமிழில், குறிப்பாகப் பாபநாசம் பக்கத்துப் பேச்சில், அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். எடுத்துக்கொள்ளும் கதை ஒன்றே ஒன்று: அந்தோன் செக்கவ் 1899இல் வெளியிட்ட ‘துஷெச்கா’.

விகுதி என்ன செய்கிறது

இலக்கண நூல்களில் இதற்குக் ‘குறுமை விகுதி’ என்கிற மாதிரியான பெயர்தான் இருக்கும். பெயரைப் பார்த்ததும் அளவைப் பற்றியது என்று தோன்றும். பாதிதான் உண்மை. ‘தோம்’ என்றால் வீடு, ‘தோமிக்’ என்றால் சின்ன வீடு. இங்கே அளவு இருக்கிறது. ஆனால் விருந்தாளியிடம் ஒருவர் ‘சாய்’ என்னாமல் ‘சயோக்’ குடிக்கிறீர்களா என்று கேட்டால், அது சின்னத் தேநீர் இல்லை. கிளாஸ் அதே கிளாஸ்தான். ‘பெரிசா ஒண்ணும் இல்ல, சும்மா குடிங்க, எனக்கு ஒரு சிரமமும் இல்ல’ என்கிற குழைவை அந்த விகுதி சேர்க்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ‘ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க’ என்பார்களே, அதேதான். வருவது நல்ல டிகாக்‌ஷன் போட்ட முழு டம்ளர் காப்பி. சொல்லில் மட்டும் அது ஒரு வாய், வெறும் தண்ணி.

ஆட்களின் பெயரில் இது படிக்கட்டு மாதிரி போகும். இவான் என்பது பதிவேட்டில் இருக்கும் பெயர். அதோடு அப்பா பெயரையும் சேர்த்து ‘இவான் பெத்ரோவிச்’ என்றால் மரியாதை. வான்யா என்றால் வீட்டுப் பெயர், நண்பர்களின் பெயர். வானெச்கா, வான்யூஷா என்றால் கொஞ்சல். வான்கா என்றால் கீழே தள்ளுவது, அல்லது ரொம்ப நெருங்கிய சேக்காளிகளின் உரிமை. எங்கள் ஊர் ‘ஏல’ மாதிரி. சேக்காளி ‘ஏல’ என்றால் பாசம். முன்பின் தெரியாதவன் ‘ஏல’ என்றால் சண்டை.

செக்கவ் 1886இல் எழுதிய ‘வான்கா’ கதையின் தலைப்பே இந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறது. மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகவிடப்பட்ட 9 வயதுப் பையன், கிறிஸ்துமஸ் இரவில் கிராமத்துத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். கதை முழுக்க அவன் வான்கா. கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் ‘இவான் ஜுக்கவ்’ என்று எழுதுகிறான். உலகம் அவனை எந்தப் படியில் வைத்திருக்கிறது, எழுதும்போது அவன் தன்னை எந்தப் படியில் வைத்துக்கொள்கிறான் என்பது அந்த இரண்டு சொற்களிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பில் வான்கா என்பது வெறும் பெயர். இவான் என்பது இன்னொரு பெயர். படி காணாமல் போய்விடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாலில் விகுதி இருக்கிறது என்பதற்காக எல்லாமே கொஞ்சல் ஆகிவிடாது. ‘ருச்கா’ என்றால் பிறப்பில் ‘சின்னக் கை’. இன்றைக்கு அது எழுதும் பேனா, கதவின் கைப்பிடி. ‘பாபுஷ்கா’ என்றால் சாதாரணமாகப் பாட்டி, அவ்வளவுதான். விகுதி சொல்லோடு இறுகி, கொஞ்சல் செத்துப்போய்விட்டது. நமக்கும் இது புதிசு இல்லை. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்கிறோம். தோட்டத்தில் ஓடுவது கிழட்டுக் கீரியாக இருந்தாலும் அது கீரிப்பிள்ளைதான். தொல்காப்பிய மரபியலில் ‘பிள்ளை’ என்பது இளமையைக் குறிக்கும் ஒன்பது பெயர்களில் ஒன்று. கீரியில் அந்த இளமை தேய்ந்துவிட்டது, தென்னம்பிள்ளையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. அதே பொருளை, விகுதி இல்லாத சொல்லால் அதே இடத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ‘சயோக்’ இருந்த இடத்தில் ‘சாய்’ போடலாம். பொருள் மாறாது, குரல் மட்டும் மாறும். அப்படியென்றால் விகுதி உயிரோடு இருக்கிறது. ‘ருச்கா’ இருந்த இடத்தில் ‘ருக்கா’ என்று போட்டால் பேனா கையாகிவிடும். அங்கே விகுதி செத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் கவலைப்பட வேண்டியது முதல் வகைக்கு மட்டும்தான்.

ஆங்கிலத்தில் ஏன் நிற்பதில்லை

ஆங்கிலத்தில் குறுமை விகுதியே இல்லை என்று சொல்ல முடியாது. ஜான் ஜானி ஆவான், டாக் டாகி ஆகும். ஆனால் அது பெயர்களோடும், குழந்தைகளிடம் பேசும் சில சொற்களோடும் நின்றுவிடுகிறது. வளர்ந்த மனுஷன் இன்னொரு வளர்ந்த மனுஷனிடம் ரொட்டிக்கும் வெள்ளரிக்காய்க்கும் அந்த விகுதியைப் போட்டுப் பேசினால் சிரிப்பார்கள். ரஷ்யனில் பெயர்ச்சொல் மட்டும் இல்லை, பெயரடையும் வினையடையும்கூட இதை ஏற்கும். ‘மீலி’ என்றால் அன்பான. ‘மீலென்கி’ என்றால் அதே அன்பான, கூடவே கன்னத்தைத் தடவுகிற குரல். ‘தீஹோ’ என்றால் மெதுவாக, ‘திஹோன்கோ’ என்றால் பூப்போல மெதுவாக.

இதனால் ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று வழிகள்தான் மிஞ்சுகின்றன, மூன்றிலும் வெவ்வேறு விதமாக அடி விழுகிறது. ‘லிட்டில்’ என்று முன்னால் போட்டால் பாசம் அளவாக மாறிவிடும். படிப்பவர் மனதில் பொருள் நிஜமாகவே சுருங்கிவிடும். ‘டியர்’, ‘டார்லிங்’ என்று போட்டால் பாசம் வரும், ஆனால் அது தனிச் சொல்லாக எழுந்து நிற்கும். விகுதியில் இருந்தபோது அது மூச்சு மாதிரி, சொல்கிறவருக்கே தெரியாமல் வருவது. தனிச் சொல்லானதும் அது அறிவிப்பு. மூன்றாவது வழி, ஒலியை அப்படியே எழுதிவிடுவது: வானிச்கா, ஸாஷென்கா. எதுவும் தப்பாகாது. ஆனால் எதுவும் கேட்கவும் கேட்காது.

துஷெச்கா

இப்போது கதைக்கு வருவோம். தலைப்பிலேயே விகுதி இருக்கிறது. ‘துஷா’ என்றால் ஆன்மா, உயிர். அதில் விகுதி சேர்ந்தால் ‘துஷெச்கா’. கதாநாயகி ஓல்கா செம்யோனவ்னா. கொழுகொழு கன்னம், அமைதியான குணம், யாரையாவது நேசிக்காமல் இருக்கத் தெரியாதவள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ‘துஷெச்கா!’ என்பார்கள். அதாவது இது காதலன் காதலிக்குச் சொல்லும் சொல் இல்லை. ஊரே சொல்லும் சொல்.

கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1916இல் கொண்டுவந்த ஆங்கிலத் தொகுப்பில் இது ‘தி டார்லிங்’ ஆனது. இன்றுவரை பெரும்பாலும் அந்தத் தலைப்புதான் வழங்குகிறது. மோசமான தேர்வு இல்லை, அதைவிட நல்லது ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் கதைக்குள் போனால் ஒரு சிக்கல் தெரியும்.

கதையின் எலும்புக்கூடு இது. ஓல்கா முதலில் கேளிக்கைத் தோட்டமும் நாடகமும் நடத்தும் இவான் குக்கினைக் கட்டிக்கொள்கிறாள். அவனை வானிச்கா என்பாள். (செக்கவ் அந்தக் கால எழுத்துக்கூட்டலில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். இன்றைக்கு வானெச்கா.) உலகத்தில் நாடகத்தைவிட முக்கியமானது எதுவுமில்லை என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்வாள். அவன் செத்துப்போகிறான். அடுத்தது மரக்கடை வசீலி. அவன் வாசிச்கா. இப்போது உலகத்தில் முக்கியமானது மரம், பலகை, வண்டிக்கூலி. வாசிச்காவுக்கும் எனக்கும் நாடகம் பார்க்கவெல்லாம் நேரம் ஏது என்பாள். 6 வருஷத்தில் அவனும் போய்ச்சேருகிறான். மூன்றாவது, கால்நடை மருத்துவர் விளாதிமிர். ஊருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள நினைத்த உறவு. அவர் வொலோதிச்கா. இப்போது பேச்செல்லாம் மாட்டு நோய்.

வானிச்கா, வாசிச்கா, வொலோதிச்கா. மூன்று ஆண்கள், மூன்று தொழில்கள், மூன்று உலகங்கள். வால் மட்டும் மாறவே இல்லை. கதையின் அச்சாணி இதுதான். அவளிடம் இருக்கும் பாசம் ஒரே அச்சு. யார் வந்தாலும் அதே அச்சில் வார்த்துவிடுகிறாள். ரஷ்ய வாசகருக்கு இது காதிலேயே விழும். ஆங்கிலத்தில் மூன்று வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். விகுதி எது, பெயர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வாசகருக்கு அச்சு தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கதைசொல்லியே அவளை முதல் வாக்கியத்திலிருந்து ‘ஓலென்கா’ என்றுதான் சொல்கிறார். கதைக்குள் இருக்கும் யாரோ கொஞ்சுவது இல்லை, கதையைச் சொல்லும் குரலே கொஞ்சுகிறது. ஆங்கிலத்திலும் அது ஓலென்கா என்றே நிற்கும். ஆனால் அது அவள் பெயர் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

தந்தியும் அழுகையும்

நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம் குக்கினின் சாவு. அவன் நடிகர்களைத் திரட்ட மாஸ்கோவுக்குப் போன இடத்தில் திடீரென்று செத்துப்போகிறான். வீட்டுக்குத் தந்தி வருகிறது. தந்தியில் அவன் ‘இவான் பெத்ரோவிச்’. முழுப்பெயர், அப்பா பெயரோடு, மரியாதையாக. போதாததற்கு அடித்தவர் எழுத்துகளைப் பிசகவிட்டதில் இறுதிச்சடங்கு என்கிற சொல்லே சிரிப்புச் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது.

அதைப் படித்ததும் ஓலென்கா அழுகிறாள். அந்த அழுகையில் அவனுடைய பெயர் வானிச்கா. அவனுக்குப் போடும் அடைமொழி மீலென்கி. அவனைக் கூப்பிடும் சொல் ‘கலூப்சிக்’, அதாவது புறா என்பதன் கொஞ்சல் வடிவம். பெயர், பெயரடை, பெயர்ச்சொல் மூன்றும் விகுதி போட்டே வருகின்றன. இரண்டு வரி முன்னால் இவான் பெத்ரோவிச். இங்கே இது. அலுவலகத்துச் சாவுக்கும் வீட்டுச் சாவுக்கும் உள்ள தூரத்தை, ஒரு விளக்கமும் எழுதாமல், விகுதியை வைத்தே செக்கவ் காட்டிவிடுகிறார்.

கார்னெட்டின் ஆங்கிலத்தில் கலூப்சிக் ‘டார்லிங்’ ஆகிறது. தலைப்பில் இருந்த துஷெச்காவும் டார்லிங். ரஷ்யனில் ஊர் அவளுக்குக் கொடுக்கும் சொல் ஒன்று, அவள் தன் ஆளுக்குக் கொடுக்கும் சொல் வேறொன்று. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லில் கலந்துவிட்டார்கள்.

நம்ம ஊர்க் கணக்கு

சரி, தமிழில் என்ன செய்யலாம்? முதலில் நம்மிடம் இருக்கும் சரக்கை எடுத்துப் பார்ப்போம்.

தமிழிலும் பெயரைக் குறுக்குவோம். கோமதி கோமு ஆவாள், சுப்பிரமணியன் சுப்பு ஆவான். குட்டி, குஞ்சு சேர்ப்போம். கொஞ்சூண்டு, துளியூண்டு என்று அளவையும் குழைப்போம். ஆனால் ரஷ்யனில் போல எந்தச் சொல்லிலும் ஒட்டும் வால் நம்மிடம் இல்லை. ‘ரொட்டிக்குட்டி’ என்று யாரும் சொல்வதில்லை.

நம் பாசம் வேறு பாதையில் போகிறது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கம் காலையில் ஒரு தெருவில் நின்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பையனை அவன் அம்மா ‘எய்யா, நேரமாச்சுய்யா’ என்பாள். அய்யா என்பது அப்பனையும் பாட்டனையும் கூப்பிடும் சொல். ஆறு வயசுப் பெண்பிள்ளையை ‘எம்மா’, ‘தாயி’ என்பாள். ராசா என்பாள், சாமி என்பாள். ரஷ்ய அம்மா தன் பிள்ளையின் பெயரைச் சிறிதாக்கிக் கொஞ்சுகிறாள். நம்ம அம்மா பிள்ளையைத் தன் தகப்பனாக்கி, ராஜாவாக்கி, சாமியாக்கிக் கொஞ்சுகிறாள். அங்கே கொஞ்சல் கீழ்நோக்கிப் போகிறது, இங்கே மேல்நோக்கிப் போகிறது.

இது ஏதோ கிராமத்துப் பழக்கம் மட்டும் இல்லை, நம் இலக்கணமே இடம் கொடுத்த விஷயம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலில் ஒரு நூற்பா, திணையும் பாலும் பிசகிப் பேசுவது எப்போதெல்லாம் குற்றம் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. ஐந்து காரணங்கள்: உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு. முதலில் நிற்பது உவப்பு, அதாவது மகிழ்ச்சி. பசுவை அம்மை என்பதும், மகளை ராசா என்பதும் பள்ளிப் பாடத்திலேயே வழுவமைதிக்கு உதாரணமாக வரும். அதே பட்டியலில் கோபமும் இழிப்பும் இருப்பதைக் கவனியுங்கள். பாசத்துக்குப் பயன்படும் அதே பிசகு திட்டுவதற்கும் பயன்படும் என்று நன்னூலுக்குத் தெரிந்திருக்கிறது. வானெச்காவும் வான்காவும் ஒரே இவானிலிருந்து பிறப்பது மாதிரி.

ரொம்ப அழகாகப் பிரித்துவிட்டேன், அதனால் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யனிலும் ‘பாத்யுஷ்கா’ என்று, தகப்பன் என்பதன் கொஞ்சல் வடிவத்தை, தகப்பன் அல்லாத ஆண்களிடமும் சொல்வது உண்டு. நம்மிடமும் குட்டியும் குஞ்சும் உண்டு. இரண்டு மொழிக்கும் இரண்டு பாதையும் தெரியும். எந்தப் பாதையில் தினமும் நடக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நெல்லைத் தமிழில் ஒரு முயற்சி

இப்போது துஷெச்காவை எங்கள் ஊர்ப் பேச்சில் வைத்துப் பார்க்கிறேன். முழு மொழிபெயர்ப்பு இல்லை, இடறும் இடங்களை மட்டும்.

தலைப்புக்கு ‘உயிரே’ சரிவராது. அது சினிமாக் காதல் ஆகிவிடும். பக்கத்து வீட்டு ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வாள்? ‘எந் தங்கம்!’ என்பாள். ‘அவ தங்கமான பிள்ளைல்லா’ என்று அவள் இல்லாத இடத்திலும் சொல்வாள். கூப்பிடவும் ஆகும், குணத்தைச் சொல்லவும் ஆகும். துஷெச்காவுக்கும் இந்த இரண்டு வேலைகளும் உண்டு. குரலைக் கொஞ்சம் திருப்பினால் ‘பெரிய தங்கம்!’ என்று கேலியும் ஆகும். இந்தக் கேலி நமக்குப் பின்னால் வேண்டியிருக்கிறது.

அடுத்தது வானிச்கா. இங்கேதான் உண்மையான சிக்கல். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண் புருஷன் பெயரையே சொல்ல மாட்டாள். கொஞ்சல் வடிவம் எங்கே வரப்போகிறது? ‘அவுக’ என்பாள், ‘எங்க வீட்டுக்காரவுக’ என்பாள். பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை, நெருக்கம் எல்லாம். அதனால் ‘வானிச்காவும் நானும்’ என்பது ‘அவுகளும் நானும்’ என்றுதான் வரும். ‘வாசிச்காவும் நானும்’ என்றாலும் ‘அவுகளும் நானும்’. பெயர் இரண்டும் போய்விட்டன. ஆனால் கதையின் அச்சாணி தப்பித்துவிட்டது! ஆள் மாறினாலும் அவள் வாயில் சொல் மாறவில்லை என்பது ரஷ்யனில் விகுதியில் தெரிந்தது, இங்கே முழுச் சொல்லாகவே தெரிகிறது. ஆங்கிலத்தில் நடக்காத காரியம்.

மூன்றாவது ஆளிடம் இது உடையும். கால்நடை மருத்துவர் அவளுக்குப் புருஷன் இல்லை. அவரை ஊர் முன்னால் ‘அவுக’ என்றால் மூடிவைத்த உறவு அந்த ஒரு சொல்லிலேயே வெளியே வந்துவிடும். வொலோதிச்கா என்பதோ வீட்டுக்குள், நாலு சுவருக்குள் சொல்லும் சொல். அதற்கு நேரான சொல் எங்கள் பேச்சில் இல்லை. ‘டாக்டரய்யா’ என்று ஊருக்கு ஒரு குரலும், வீட்டுக்குள் வேறொரு குரலுமாகப் பிரித்துக் காட்டலாம், அவ்வளவுதான். மூன்றில் இரண்டு தேறியது என்று வைத்துக்கொள்வோம்.

அழுகை? அங்கே தமிழ் தலைநிமிர்ந்து நிற்கும். வாழ்நாள் முழுக்கப் புருஷன் பெயரைச் சொல்லாதவள், பிணத்தின் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும்போது ‘எஞ் சாமி’, ‘எந் ராசா’ என்று கூப்பிடுவாள். தந்தியில் பதிவேட்டுப் பெயர், அழுகையில் ராசா. இவான் பெத்ரோவிச்சுக்கும் கலூப்சிக்குக்கும் நடுவில் இருக்கும் அதே தூரம். விகுதி ஒன்றுகூட இல்லை, தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கதையின் கடைசிப் பகுதியில் மருத்துவரின் மகன் ஸாஷா வருகிறான். வயசுக்குச் சின்னவனாகத் தெரியும் பையன், பத்தாவது வயசு நடக்கிறது. ஓலென்கா அவனை ஸாஷென்கா என்பாள். காலையில் எழுப்பும்போது கலூப்சிக் என்பாள், செத்துப்போன முதல் புருஷனுக்குச் சொன்ன அதே சொல். எங்கள் பேச்சில் ‘எய்யா ராசா, எந்திரிய்யா’. ஒப்பாரியில் வந்த ராசா இங்கே திரும்பி வருகிறது. புருஷனுக்குக் கொடுத்த சொல்லையே பிள்ளைக்கும் கொடுக்கிறாள் என்பது தமிழில் தானாகவே விழுகிறது. பையனுக்கோ கூச்சம். பள்ளிக்கூடத்துத் தெரு வந்ததும், திரும்பிப் போங்க, இனிமேல் நானே போய்க்கொள்வேன் என்கிறான்.

இதில் என்ன கெட்டுப்போகும்?

ஒரு விகுதிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். இந்தக் கதையைப் பற்றி இரண்டு பெரிய ஆட்கள் எதிரெதிராகப் படித்திருக்கிறார்கள். கார்க்கிக்கு ஓலென்கா சாம்பல் நிற எலி, யாருக்காவது அடிமையாக இருக்க மட்டுமே தெரிந்தவள். டால்ஸ்டாய்க்கு அவள் கிட்டத்தட்டப் புனிதவதி. செக்கவ் அவளைக் கேலி செய்ய உட்கார்ந்தார், ஆனால் அவரையும் மீறி ஆசீர்வதித்துவிட்டார் என்று டால்ஸ்டாய் தனியாக ஒரு பின்னுரையே எழுதினார்.

இரண்டு பேருக்கும் ஆதாரம் ஒரே இடத்தில் இருக்கிறது. துஷெச்கா, ஓலென்கா, வானிச்கா என்கிற வால்களில். அந்த விகுதி கொஞ்சவும் செய்யும், மெல்லக் கிள்ளவும் செய்யும். எந்த நேரத்தில் எது என்பதைச் செக்கவ் பிரித்துச் சொல்லவே இல்லை. விகுதி உதிர்ந்த மொழிபெயர்ப்பில் படிப்பவர், அவள் செய்த செயல்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கார்க்கி ஜெயித்துவிடுவார். டால்ஸ்டாய் கேட்ட குரல் கேட்காமலே போய்விடும்.

தமிழுக்கு ரஷ்ய இலக்கியம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று ஆங்கிலம் வழியாக. கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழில் தந்த தொ.மு.சி. ரகுநாதன் எங்கள் திருநெல்வேலிக்காரர். அந்த நாவலில் அந்திரேய் என்கிற உக்ரைன்காரன் நண்பனின் அம்மாவை ‘நென்கோ’ என்பான், அம்மா என்பதற்கு அவன் ஊர்க் கொஞ்சல் சொல். தமிழனுக்கு நண்பனின் அம்மாவும் அம்மாதான் என்பதால், அந்தப் பாசம் நமக்கு விளக்கமே இல்லாமல் புரியும். ஆனால் அவன் வேற்றூர்க்காரன், தன் பாஷையில் கூப்பிடுகிறான் என்கிற மணம் ‘அம்மா’ என்று எழுதினால் போய்விடும். இன்னொரு வழி நேரடி வழி. மாஸ்கோவிலேயே இருந்து ரஷ்யனிலிருந்து மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் வந்த வழி.

எங்கள் தொழிலில் படத்தை ஒருமுறை தரம் குறைத்துச் சேமித்துவிட்டால், பிறகு எவ்வளவு பெரிய திரையில் போட்டாலும் போன புள்ளிகள் திரும்ப வராது. ஆங்கிலம் வழியாக வரும்போது இதுதான் நடக்கிறது. கலூப்சிக்கும் துஷெச்காவும் டார்லிங் ஆகி வந்துசேர்ந்த பிறகு, ஒன்று ராசா, இன்னொன்று தங்கம் என்று பிரிக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஆதாரம் இருக்காது. அவரிடம் இரண்டு சொற்களும் தயாராக இருந்தும் பயன் இல்லை.

அடுத்த முறை ஒரு ரஷ்யக் கதையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எடுக்கும்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு ஆளின் பெயர் எந்தெந்த வடிவங்களில் வருகிறது, ஒவ்வொன்றையும் யார் சொல்கிறார்கள் என்று அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ‘-ச்கா’, ‘-ன்கா’ என்று முடிந்தால் பெரும்பாலும் கொஞ்சல். பெயரின் பாதியோடு வெறும் ‘-கா’ ஒட்டி, வான்கா, மாஷ்கா என்று வந்தால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அப்பா பெயரோடு வந்தால் தள்ளி நிற்கிறார்கள். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பக்கத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.